மேனேஜருடனான ஒன்-டு-ஒன் மீட்டிங்கைத் தள்ளிவைக்க

மேனேஜருடனான ஒன்-டு-ஒன்னைத் தள்ளிவைக்க வேண்டுமானால், "வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவருடைய காலண்டரைத் திறந்து, காலியாக இருக்கும் இரண்டு நேரங்களைப் பார்த்து, பேச வேண்டிய விஷயத்தையும் சேர்த்து ஒரே மெசேஜாக அனுப்புங்கள்.

"சார், நாளை 3 மணிக்கு கிளையன்ட் கால் வந்துவிட்டது. நம் மீட்டிங்கை வியாழன் 11 மணிக்கோ வெள்ளி 4 மணிக்கோ வைத்துக்கொள்ளலாமா? டெஸ்டிங்குக்கு இன்னொரு ஆள் தேவைப்படுவது பற்றிப் பேச வேண்டும்."

வெறுமனே மாற்றச் சொன்னால், புது நேரம் தேடும் வேலை அவர் தலையில் விழுகிறது. மீட்டிங்கே உங்களுக்கு முக்கியமில்லை என்றும் தோன்றும். நேரமும் விஷயமும் கையில் இருந்தால் "சரி, வியாழன்" என்று அவர் முடித்துவிடலாம். காரணம் ஒரு வரி போதும். நீளமாக விளக்கினால்தான் சாக்கு போலத் தெரியும்.

அவர் ஒப்புக்கொண்டதும் காலண்டரிலும் மாற்றிவிடுங்கள். அழைப்பு அவர் அனுப்பியது என்றால், அவுட்லுக்கில் Decline மட்டும் அழுத்தாமல் Tentative and Propose New Time கொடுங்கள். வாராவாரம் வரும் மீட்டிங் என்றால் அந்த வாரத்து மீட்டிங்கை மட்டும் திறந்து செய்யுங்கள்.

மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம்கூட இல்லையென்றால் மெசேஜை நம்பாதீர்கள், போன் செய்துவிடுங்கள். அப்ரைசல் பேச்சு, அவரே அவசரமாகக் கூப்பிட்டது, ஏற்கெனவே ஒருமுறை நீங்கள் தள்ளிவைத்தது என்றால் இந்த வழி எடுபடாது. அந்த இன்னொரு வேலையைத்தான் நகர்த்த வேண்டும்.