மூன்று பாட்டில், முப்பது வேளை: ஆன்டிபயாடிக் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, எடை 18 கிலோ. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் அவளுக்குத் தொண்டை அழற்சி வந்திருப்பதாக மருத்துவர் முடிவு செய்து, அமாக்சிசிலின் டிரை சிரப்பை 5 மில்லி வீதம் நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள்கள் கொடுக்குமாறு எழுதுகிறார். 5 மில்லியில் 250 மில்லிகிராம் மருந்து இருக்கும் பாட்டில் அது. வீடுகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால், அதையே கடைசிவரை பின்தொடர்வோம்.

முதல் தவறு மருந்துக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. நாளைக்கு 15 மில்லி வீதம் பத்து நாள்களுக்கு 150 மில்லி வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 30 அல்லது 60 மில்லி பாட்டில்கள். ஆகவே இரண்டு 60 மில்லி பாட்டில்களும் ஒரு 30 மில்லி பாட்டிலும் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் பலர் ஒரே ஒரு பாட்டிலோடு வீடு திரும்புகிறார்கள். அது தீர்வதற்குள் மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிடும், குழந்தை இட்லி கேட்கும், "இனி எதற்கு மருந்து?" என்ற எண்ணம் வந்துவிடும். இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஏனெனில் எத்தனை பாட்டில் தேவை என்று அவர்களிடம் கணக்குப் போட்டுச் சொன்னவர் யாருமில்லை.

காய்ச்சல் போய்விட்ட பிறகும் மருந்து ஏன் தொடர வேண்டும் என்பதற்கு இந்த நோயில் தெளிவான காரணம் உண்டு. தொண்டைவலியும் காய்ச்சலும் சில நாள்களில் தணிந்துவிட்டாலும், கிருமி தொண்டையில் மிச்சம் இருக்கக்கூடும். அதற்கு எதிராக உடலில் எழும் எதிர்வினை, சில குழந்தைகளில் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் ருமாட்டிக் காய்ச்சலாக வெளிப்பட்டு, மூட்டுகளைத் தாக்குவதோடு இதய வால்வுகளையும் பழுதாக்கிவிடும். தொண்டைக் கிருமியைப் பென்சிலினால் ஒழித்தால் இந்தக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பதை, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ராணுவத் தளம் ஒன்றில் நடந்த ஆய்வு 1950-இல் காட்டியது. பத்து நாள் என்ற அளவு அந்த நோக்கத்தோடு பிணைந்தது. வேறு நோய்களுக்கு மூன்று அல்லது ஐந்து நாள்களே போதுமானதாக இருக்கலாம். எல்லா ஆன்டிபயாடிக்கையும் நீண்ட நாள் சாப்பிட வேண்டும் என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். எழுதிய நாள்களுக்குக் குறைவாகவும் கூடாது, தாமாக நீட்டிக்கவும் கூடாது என்பதே இதன் பொருள்.

டிரை சிரப்பைப் பொறுத்தவரை இன்னொரு நுணுக்கம் உண்டு. கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்கினால் தூள் கரைந்து மட்டம் சற்று இறங்கும், ஆகவே மீண்டும் கோடு வரை நீர் சேர்த்துக் குலுக்க வேண்டும். முதல் முறை ஊற்றியதோடு நிறுத்திவிட்டால் மருந்தின் செறிவு கூடிவிடும். கலந்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பது பாட்டிலின் ஒட்டுச்சீட்டில் இருக்கும், பலவற்றில் அது ஏழு நாள் மட்டுமே. எனவே மூன்று பாட்டிலையும் முதல் நாளே கலந்து வைத்துவிடாமல், ஒன்று தீர்ந்த பின்பே அடுத்ததைக் கலக்க வேண்டும்.

அடுத்து இடைவெளி. "மூன்று வேளை" என்ற சொல் நம் வீடுகளில் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்றே காதில் விழுகிறது. காலை எட்டு மணி, பகல் ஒரு மணி, இரவு எட்டு மணி என்று கொடுத்தால் இடைவெளிகள் ஐந்து, ஏழு, பன்னிரண்டு மணி நேரமாக அமைகின்றன. அமாக்சிசிலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இந்த வகை மருந்து எவ்வளவு உச்சத்துக்கு ஏறுகிறது என்பதைவிட, கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. பகலில் இரண்டு வேளைகளை நெருக்கிக் கொடுப்பதால் பெரிய ஆதாயம் இல்லை, இரவின் நீண்ட வெற்றிடத்தில் மட்டும் கிருமிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

அமாக்சிசிலினை உணவோடும் கொடுக்கலாம், உணவில்லாமலும் கொடுக்கலாம் என்பது இங்கே நமக்குச் சாதகம். பள்ளிக்குப் போகும் முன் காலை ஏழு மணி, பள்ளி விட்டு வந்ததும் மாலை மூன்று அல்லது மூன்றரை மணி, படுக்கும் முன் இரவு பத்து மணி என்று வைத்துக்கொண்டால் இடைவெளி ஏறத்தாழ எட்டு மணி நேரமாக அமைந்துவிடும். அரை மணி, ஒரு மணி நேரம் முன்பின்னாக நகர்வதால் கெடுதல் இல்லை. குழந்தையை நள்ளிரவில் எழுப்ப வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இந்த நேரக் கணக்கை எல்லா மருந்துக்கும் பொருத்திவிடக் கூடாது. அசித்ரோமைசின் உடலின் திசுக்களில் பல நாள் தங்குவதால் அதை நாளைக்கு ஒரு வேளை மட்டுமே எழுதுவார்கள். அதை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது பொருளற்றது.

ஒரு வேளையை மறந்துவிட்டால், நினைவுக்கு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால், அதாவது இடைவெளியில் பாதிக்கு மேல் கடந்துவிட்டதென்றால், விட்டதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவைக் கொடுக்க வேண்டும். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து 10 மில்லியாக ஊற்றுவதுதான் செய்யக் கூடாதது.

இனி வாந்தி. மருந்து கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்தால் வீட்டில் இரண்டு அணிகள் உருவாகும்: உடனே இன்னொரு முறை கொடுக்கச் சொல்லும் அணி ஒன்று, "வயிறு ஏற்கவில்லை, மருந்தையே நிறுத்து" என்னும் அணி மற்றொன்று. இரண்டுமே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மருந்து உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அமாக்சிசிலின் சிரப்பைப் பொறுத்தவரை, 30 நிமிடங்களுக்குள் வாந்தி வந்தால் அதே அளவை இன்னொரு முறை முழுதாகக் கொடுக்க வேண்டும். 30 நிமிடங்களுக்குப் பின் வந்தால் மீண்டும் கொடுக்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டும், ஏனெனில் அதற்குள் மருந்தின் கணிசமான பகுதி வயிற்றைக் கடந்து போயிருக்கும்.

நம் சிறுமிக்குத் திங்கள் இரவு பத்து மணிக்கு முதல் வேளை கொடுத்ததாகக் கொள்வோம். வியாழன் இரவு பத்து மணிக்குக் கொடுத்த பத்தாவது வேளை, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது; வாந்தியில் சிரப்பின் நிறமும் மணமும் தெரிகின்றன. உடனே அடுத்த 5 மில்லியை வாயில் திணித்தால் அதுவும் திரும்பி வரும். வாயைக் கொப்பளிக்க வைத்து, ஒரு மிடறு நீர் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்த பிறகு, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாகக் கொடுப்பதே நல்லது. மறுநாள் காலை ஏழு மணி வேளை எவ்வித மாற்றமும் இல்லாமல் தொடரும். அந்த இரண்டாம் முயற்சியும் வாந்தியாகிவிட்டால் மூன்றாவது முறை கொடுக்க வேண்டாம், மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அதே சிறுமி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மருந்து குடித்து, எட்டேகாலுக்கு உண்டதையெல்லாம் வாந்தி எடுக்கிறாள் என்றால் செய்ய வேண்டியது ஏதுமில்லை. மாலை மூன்று மணி வேளை வந்ததும் கொடுத்தால் போதும். பெரியவர்கள் மாத்திரையோ கேப்சூலோ விழுங்கியிருந்து, அது முழுதாக வாந்தியில் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த வேளை உள்ளே போகவில்லை என்றே பொருள், அதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சொல்லி மீண்டும் விழுங்கலாமா என்று கேட்டுக்கொள்ளலாம். வாயில் ஊற்றிய மருந்தைக் குழந்தை உடனே துப்பிவிட்டது, எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியவில்லை என்ற நிலையில், ஊகத்தில் அரை அளவு சேர்ப்பதைவிட அடுத்த வேளையை ஒழுங்காகக் கொடுப்பது பாதுகாப்பானது.

ஒவ்வொரு வேளையும் வாந்தியாகிறது என்றால் அது வேறு பிரச்சினை. அடுத்தடுத்து இரண்டு வேளை நிற்கவில்லை என்றால், மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றலாம், இந்த நோய்க்குப் பென்சிலின் ஊசியையும் தேர்ந்தெடுக்கலாம். முன்பொருமுறை வாங்கி வைத்த வாந்தி மருந்தை இதற்கென்று எடுத்துக் கொடுப்பதும், மருந்து தெரியாமல் இருக்க ஒரு டம்ளர் பாலில் கலப்பதும் தவறு. பாலில் பாதியைக் குழந்தை விட்டுவிட்டால் எவ்வளவு மருந்து போயிற்று என்பதே தெரியாமல் போகும். சிறுநீர் வெகுநேரமாகக் கழிக்கவில்லை, சோர்ந்து துவண்டு கிடக்கிறாள், வாந்தி பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வருகிறது, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் மருந்துக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வியாழன் இரவு மீண்டும் கொடுத்த அந்த 5 மில்லி, கடைசியில் கணக்கை இடிக்கும். திங்கள் இரவு தொடங்கிய பத்து நாள் சிகிச்சை, முப்பது வேளை என்ற கணக்கில் அடுத்த வாரம், அதாவது பதினொன்றாம் நாளான வியாழன் மாலை மூன்று மணிக்கு முடிய வேண்டும். ஆனால் 150 மில்லியில் ஒரு வேளை கூடுதலாகச் செலவாகிவிட்டதால் அந்தக் கடைசி வேளைக்குப் பாட்டிலில் மருந்து இருக்காது. நாள்காட்டியில் முப்பது கட்டம் போட்டு, உள்ளே தங்கிய வேளையை மட்டும் அடித்துக்கொண்டு வந்தால் இந்தக் குறை இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும். கடையில் இன்னொரு 30 மில்லி பாட்டில் வாங்கிவிடலாம்.

முப்பதையும் முடித்தே தீர வேண்டும் என்ற உறுதியைக் கைவிட வேண்டிய சூழலும் உண்டு. உடலில் தடிப்புத் தடிப்பாகச் சொறி எழுந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சிரைத்தால், ஒவ்வாமை கடுமையாகிறது என்று கொண்டு உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்து குடித்த சில நிமிடங்களில் வாந்தியோடு இந்தக் குறிகளும் சேர்ந்து வந்தால், மேலே சொன்ன அரை மணி நேரக் கணக்கு அங்கே செல்லாது. அந்த மருந்தை மீண்டும் கொடுக்கவே கூடாது.