டிரில் சக் கழற்றும் முறை: உள்ளே ஒளிந்திருக்கும் இடது மரைத் திருகு

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய கை டிரில்கள் மலிவாகக் கிடைக்கும். மோட்டார் நன்றாக ஓடும், ஆனால் சக் துருப்பிடித்துத் தாடைகள் பிட்டைப் பிடிக்காது. கடலோர ஈரக்காற்றில் இது சகஜம். நான் வாங்கிய 13 மி.மீ. டிரில்லும் அப்படித்தான் இருந்தது. சக்கை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது வேலை நின்றுபோகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: அந்தத் திருகு.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி டிரில் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தாடைகளை முழுவதும் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் ஒரு திருகின் தலை தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் அது இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சிமெண்டுத் தூளும் கிரீஸும் சேர்ந்து தலையை மூடிவிடும். பழைய பல்துலக்கியாலும் ஊசியாலும் சுரண்டி, ஊதிச் சுத்தம் செய்யுங்கள். தலையின் பள்ளத்தில் கொஞ்சம் தூள் மிஞ்சினாலும் திருப்புளி ஆழமாக இறங்காது, தலை மழுங்கிப்போகும்.

இந்தத் திருகு இடது மரை. வலப்பக்கமாக, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். காரணம் தெரிந்தால் திசை மறக்காது. சக் சாதாரண வலது மரையில் ஸ்பின்டிலோடு இணைந்திருக்கிறது. டிரில்லைப் பின்னோக்கி ஓட்டும்போது சக் இடப்பக்கமாகக் கழலப் பார்க்கும். அப்போது திருகின் தலையையும் தன்னோடு இடப்பக்கமாக இழுக்கும். திருகும் வலது மரையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். இடது மரை என்பதால், சக் கழல முயல முயலத் திருகு இறுகிக்கொள்கிறது.

சரி, வலப்பக்கமாகத் திருப்பியும் அசையவில்லையா? பெரும்பாலும் மரையில் பசை போட்டிருப்பார்கள். தாடைகளுக்கு நடுவே நுழையும் நீளமான, தடித்த கைப்பிடியுள்ள திருப்புளியை எடுத்து, தலையில் பொருந்துகிறதா பாருங்கள். ஆடினால் வேறு அளவு தேவை. சில டிரில்களில் நட்சத்திரத் தலை இருக்கும். அதன் பின்னும் அசையாவிட்டால், சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் சில நிமிடங்கள் வைத்துச் சூடேற்றுங்கள். சூட்டில் பசை இளகும். ஹீட் கன்னை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சாவியில்லாத சக்கின் பிளாஸ்டிக் உறை உருகிவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் திருப்புளியும் வேண்டாம், அந்த அடி நேராக உள்ளே இருக்கும் பேரிங்கில் இறங்கும்.

திருகு வந்ததும் பத்திரப்படுத்துங்கள். சாதாரண ஹார்ட்வேர் கடையில் இடது மரைத் திருகு கிடைப்பது சிரமம்.

அப்புறம் சக். தாடைகள் பிடிக்கும் அளவில் மிகப் பெரிய ஆலன் சாவியின் குட்டைப் பக்கத்தைச் சக்கில் வைத்து இறுக்குங்கள். கியர் இருந்தால் குறைந்த வேகத்தில் வையுங்கள். டிரில்லை மேசையில் கிடத்தி, சக் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். சக்கின் முகத்தைப் பார்த்து நின்றால், ஆலன் சாவியின் நீளக் கை உங்கள் இடது பக்கம் படுக்கையாக இருக்கவேண்டும். அதன் நுனியில் மேலிருந்து கீழாக ஒரு சுருக்கென்ற அடி. மெதுவாக அழுத்தினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும், சக் கழலாது. ரப்பர் சுத்தியல் அடியை வாங்கிக்கொள்ளும் என்பதால் எனக்குச் சிறிய இரும்புச் சுத்தியல்தான் பிடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சக் சாவியை நெம்புகோலாக வைத்து அடிக்கவேண்டாம், அதன் பற்கள் உடையும்.

புதுச் சக் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். 13 மி.மீ. சக்குகளில் பெரும்பாலும் அரை அங்குலம், 20 மரை என்ற அளவு இருக்கும், ஆனால் உடம்பில் பொறித்திருப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. நடுவில் திருகுக்கான துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். துளை இல்லாத சக்கைப் பின்னோக்கி ஓடும் டிரில்லில் மாட்டக்கூடாது. மரைகளைத் துடைத்துச் சக்கைக் கையால் ஏற்றி, ஆலன் சாவியை எதிர்த்திசையில் லேசாகத் தட்டி இறுக்குங்கள். திருகில் நீல மரைப்பசை ஒரு சொட்டு விட்டு, இடப்பக்கமாகத் திருப்பி முடுக்குங்கள்.

பின்சேர்க்கை: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு அண்ணன், எவ்வளவு சுரண்டியும் திருகே இல்லை என்று எழுதியிருந்தார். அவருடையது ஒரே திசையில் ஓடும் பழைய டிரில், அவற்றில் திருகு தேவையில்லை. நேராக ஆலன் சாவிக்குப் போகலாம். இன்னொருவருக்குத் திருகின் தலை மழுங்கிவிட்டது. தலையை மட்டும் துளையிட்டு எடுத்துவிட்டால் சக் வழக்கம்போல் கழலும். மிச்சமுள்ள தண்டு ஸ்பின்டிலுக்கு வெளியே நீண்டிருந்தால் குறடால் பிடித்து, அதையும் வலப்பக்கமாகவே திருப்பி எடுங்கள்.