கறுப்பு முடியில் மணி பீஸ்: கேரமல் நிறத்தோடு நிறுத்துங்கள்

முகத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கற்றையை மட்டும் வெளிறச் செய்வதுதான் மணி பீஸ். வீட்டில் முதன்முறை செய்பவர்கள் கேரமல் நிறத்தோடு நிறுத்துவதே நல்லது. கறுப்பு முடி வெளிறும்போது முதலில் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், கடைசியில்தான் மஞ்சள் தெரியும். மஞ்சள் வரைக்கும் ஒரே நாளில் போனால் நெற்றியோர முடி தாங்காது, உடைந்துவிடும்.

எங்கள் மச்சாளுக்குச் செய்த விதத்தையே சொல்கிறேன். அவளுடையது இதுவரை சாயம் படாத கறுப்பு முடி. மருதாணிப் பொடியோ சாயமோ முன்பு போட்டிருந்தால், உள்ளிருந்து சிறு கற்றையை வெட்டி அதில் பிளீச்சைப் பூசிப் பாருங்கள். சில பொடிகளில் உள்ள உலோக உப்புகள் பிளீச்சோடு சேர்ந்து சூடேறும். கற்றை சூடானாலோ இழுத்தவுடன் அறுந்தாலோ, செய்யவே வேண்டாம். வெளிறிய முடியின் நிறத்தைச் சரிசெய்யக் கடைசியில் போடும் டோனரையும் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவி, கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. அந்த உப்பு முடியில் படிந்திருந்தால் நிறம் சீராக ஏறாது. அதனால் முதல் நாள் கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டு முழுகி, கடைசியாக வடிகட்டிய தண்ணீரால் அலசினாள். பிறகு எண்ணெய் வைக்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். உலர்ந்த முடியில் உச்சி பிரித்து, பக்கத்துக்கு ஒரு விரல் அகலக் கற்றை எடுங்கள். நெற்றி விளிம்பின் பூனைமுடியை விட்டுவிடுங்கள். அது மிக மெல்லியது. மீதி முடியைப் பின்னால் இறுகக் கட்டுங்கள். கையுறை போட்டு, 15 கிராம் பிளீச் பொடியோடு 20 வால்யூம் டெவலப்பர் 30 மில்லி கலந்தோம். உங்கள் பிளீச் பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கற்றைக்கு அடியில் ஃபாயில் வைத்து, நடுவிலிருந்து நுனி வரை முதலில் பூசுங்கள். வேர்ப்பக்கம் கடைசியில்தான், அதுவும் தோலில் படாமல். தலையின் சூட்டில் வேர் வேகமாக வெளிறும். முதலிலேயே பூசினால் மேலே பளிச்சென்றும் கீழே மங்கலாகவும் நிற்கும்.

5 நிமிடத்துக்கு ஒருமுறை ஃபாயிலைத் திறந்து, கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். மச்சாளுக்கு 10 நிமிடத்தில் செம்பழுப்பு, 35இல் வெளிர் செம்மஞ்சள். அங்கேயே கழுவிவிட்டோம். பாக்கெட்டில் போட்ட நேரத்தைத் தாண்டவே கூடாது. தோல் எரிந்தாலோ முடி ரப்பர் மாதிரி இழுபட்டாலோ, எந்த நிறத்தில் இருந்தாலும் உடனே கழுவுங்கள்.

துவட்டிய ஈர முடியில் நீலம் கலந்த டோனர் போடுங்கள். நீலம்தான் செம்மஞ்சளை அடக்கிக் கேரமல் நிறமாக்கும். ஊதா மஞ்சளுக்குத்தான், இங்கே உதவாது. டோனர் சில வாரங்களில் மங்கும், அப்போது டோனரை மட்டும் திரும்பப் போட்டால் போதும். வேர் வளர்ந்த பிறகு பிளீச் போடுவதென்றால் புது வளர்ச்சிக்கு மட்டும். ஏற்கெனவே வெளிறிய பகுதியில் மறுபடி பட்டால் அந்த இடத்திலேயே அறும்.