3:20 மணிக்கு யார் போவது? தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் நான்காம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளி சிங்காநல்லூரில், அலுவலகம் காந்திபுரத்தில். கோவை போக்குவரத்தில் அரை மணிக்குக் குறைந்து வந்து சேர முடியாது. ஐந்து வருடங்களாக வீட்டில் பெரியவள் நான் ஒருத்திதான். ஆரம்பத்தில் வேலை அதிகம் என்பதால்தான் களைத்துப் போகிறேன் என்று நினைத்தேன். அப்புறம் தெரிந்தது, வேலையின் அளவைவிட பிள்ளைகள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் அந்த இடங்கள்தான் ஆளைச் சாய்க்கின்றன. பள்ளி விடுவது 3:20, எனக்கு வேலை முடிவது 5:30.

அந்த இடைவெளியை ஒரே ஆளை நம்பி விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. ஆட்டோ அண்ணன் இருவரையும் ஏற்றி அடுத்த தெரு டேகேரில் விடுவார். ஒன்றரை வருடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை 2:40-க்குப் பள்ளியிலிருந்து போன்: மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிப் போங்கள். அண்ணனை அழைத்தால் சுவிட்ச் ஆஃப், அவர் ஊரில் ஒரு துக்கம். கீழ் வீட்டு அக்கா பள்ளிக்குப் பக்கத்தில்தான் இருந்தார், கிளம்பியும் போனார். ஆனால் வாசலில் அவரிடம் குழந்தையைத் தரவில்லை, பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லையாம். பள்ளியைக் குறை சொல்ல முடியாது, யார் கேட்டாலும் கொடுத்து அனுப்பினால்தான் பயப்பட வேண்டும். நான் போய்ச் சேர 3:50 ஆனது.

அன்று இரவு உட்கார்ந்து மூன்று பெயர்களை எழுதினேன். ஒருவர் தினமும் போகிறவர். இன்னொருவர் பள்ளியிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருப்பவர். மூன்றாவது ஆள், மகனின் வகுப்புத் தோழன் ஒருவனின் அம்மா. அவர் எப்படியும் அந்த வாசலுக்கு வருகிறவர். மூவரின் புகைப்படமும் ஆதார் நகலும் வைத்துப் பள்ளிக்கும் டேகேருக்கும் கடிதம் கொடுத்தேன். பிள்ளைகளோடு ஒரு ரகசியச் சொல்லும் பேசி வைத்தோம். வருகிறவர் அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் கூடப் போகக் கூடாது, தெரிந்த மாமாவாக இருந்தாலும் சரி. அப்புறம், மூவரையும் ஒரு தடவையாவது அவசரமில்லாத நாளில் அனுப்பிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் எந்த கேட்டுக்குப் போக வேண்டும் என்பதிலேயே அக்காவுக்குக் குழப்பம் வந்தது, நல்லவேளை அது ஒத்திகை.

டேகேரில் ஒரு தாளும் ஒட்டி வைத்திருக்கிறேன். குழந்தையின் எடை, ஒவ்வாமை, டாக்டர் எண், காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று டாக்டர் எழுதியது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. 'ஒரு மூடி கொடுங்க' என்று போனில் சொன்னால், பாட்டில் மாறும்போது அளவு இரட்டிப்பாகிவிடும். அதனால் பாட்டிலில் இருக்க வேண்டிய எண்ணையும் தாளில் எழுத வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது, குழந்தை வளர வளர டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

உதவி கேட்கும் விதத்திலும் ஒரு தப்பு செய்தேன். 'கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா' என்று பொதுவாகக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்றும் அவர்களுக்குத் தெரியாது. 'நான் கூப்பிடும் நாளில் மட்டும் 3:20-க்குப் போய் டேகேரில் விட வேண்டும், மாதம் ஒன்றிரண்டு தடவைதான் வரும்' என்று கேட்டபோது அக்கா யோசித்துச் சரி என்றார். பதிலுக்குச் சனிக்கிழமை அவர் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கடன்பட்ட உணர்வு இருந்தால் அவசரத்தில் கேட்கவே வாய் வராது. அலுவலகத்திலும் அப்படித்தான். 'வீட்டுச் சூழ்நிலை சார்' என்று இழுத்த காலத்தில் எரிச்சல்தான் மிஞ்சியது. '3:15 முதல் 3:45 வரை மீட்டிங் வேண்டாம், போன் எடுப்பேன், அந்த அரை மணியை மாலையில் ஈடுகட்டுகிறேன்' என்று சொன்ன பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்தது இரவு. பலரும் இதைத் தவறு என்றே எண்ணுவதில்லை, திறமை என்று நினைக்கிறார்கள். பிள்ளைகள் 9 மணிக்குத் தூங்கிய பிறகு பாத்திரம், துவைப்பு, மாவு, அயர்ன். படுக்கும்போது 12:30, எழுவது 4:45. கணக்குப் போட்டால் நாலேகால் மணி நேரத் தூக்கம். மூன்றாம் வாரத்தில் நான் வேலையில் ஒரு பில் தொகையை இரண்டு தடவை பதிந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். பிள்ளைகள் மேல் கத்தியது தனிக் கணக்கு. ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் குரல் உயர ஆரம்பித்தால், முதலில் அந்த வாரம் எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று பாருங்கள்.

இரவு வேலையைக் குறைக்க நான் செய்ததில் அதிகம் உதவியது சீருடைதான், சிரிக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு செட் இருந்தபோது, ஒன்று உடலில், ஒன்று கொடியில். ஐப்பசி மழையில் காயாது, ராத்திரி அயர்ன் பாக்ஸால் ஈரத்தைக் காய வைத்துக்கொண்டிருப்பேன். ஐந்து செட் ஆக்கினேன், பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பழையதையும் கேட்டு வாங்கினேன். இப்போது சனிக்கிழமை ஒரே துவைப்பு, ஞாயிறு அயர்ன்காரரிடம் ஒரே மூட்டை. வாரத்தில் நான்கு இரவுகள் மிச்சம்.

மாவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. புளித்ததும் இரண்டு டப்பாவில் பிரித்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன், ஒன்றைத் திறந்து திறந்து எடுத்தால் மொத்தமும் சீக்கிரம் புளித்துப் போகும். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, வியாழன் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். வெள்ளிக்கிழமை உப்புமா, பிள்ளைகள் முகம் சுளிக்கட்டும். இரண்டு பேர் இருந்த வீட்டுச் சமையலை ஒருத்தி தினமும் செய்து காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானேதான் என்னை விரட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக விடுப்பு. எங்கள் அலுவலகத்தில் தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12. முன்பெல்லாம் ஜனவரியிலிருந்தே கல்யாணம், காதுகுத்து என்று எடுத்து, மழைக்காலக் காய்ச்சல் வரும்போது ஒன்றும் இருக்காது. இப்போது ஆறு நாளை அக்டோபர் வரை தொடுவதில்லை, சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், பெண்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கும். தனியாக வளர்க்கும் அம்மா என்றால் வருடத்தில் மூன்று தவணைக்குப் பதில் ஆறு தவணையாக எடுக்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஐந்து நாளுக்குக் குறையக் கூடாது. அதனால் ஒரு நாள் காய்ச்சலுக்கு அது உதவாது, அதற்கு அந்த மூன்று பெயர்கள்தான்.