5000 என்றால் எந்த 5000? பேட்டரி எண்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகன் புது போன் வாங்கப் போகிறேன் என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஒன்றில் பேட்டரி 5000 எம்ஏஎச், இன்னொன்றில் 4900. விலை, திரை, ரேம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். "மாமா, 100 கூட இருக்கிறதையே வாங்கிடறேன்" என்றான். "கொஞ்சம் பொறுடா. 5000க்குப் பக்கத்துல சின்ன எழுத்துல ஏதாவது இருக்கா பாரு" என்றேன். `Typ` என்று இருந்தது. 4900க்குப் பக்கத்தில் `Rated` என்று இருந்தது. ஒரு கடையில் தோலோடு நிறுத்த பழத்தையும் இன்னொரு கடையில் உரித்து நிறுத்த பழத்தையும் எடை பார்த்து ஒப்பிடுவது போலத்தான் இது. இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஆனால் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் தயாரான இரண்டு பேட்டரிகள்கூட அச்சு அசலாக ஒரே அளவு மின்சாரம் தேக்காது. உள்ளே பூசும் பூச்சின் தடிமனில் மயிரிழை வித்தியாசம் வந்தாலே கொள்ளளவு மாறும். அதனால் தயாரிப்பாளரிடம் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். நிறைய பேட்டரிகளைச் சோதித்துப் பார்த்தால் சராசரியாக வரும் எண் டிபிகல், அதன் சுருக்கம்தான் அந்த `Typ`. எந்தப் பேட்டரியை எடுத்தாலும் இதற்குக் கீழே போகாது என்று அவர் பொறுப்பேற்றுக்கொள்ளும் குறைந்தபட்ச எண் ரேட்டட்.

சோதிக்கும் முறைக்கு ஐஇசி 61960 என்ற சர்வதேசத் தரவிதி இருக்கிறது. புதிய பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சுமார் 20 டிகிரி வெப்பத்தில், ஐந்து மணி நேரத்தில் காலியாகும் வேகத்தில் மெதுவாக மின்சாரத்தை இறக்க வேண்டும். 4855 எம்ஏஎச் பேட்டரி என்றால் 971 மில்லி ஆம்பியர் வேகம். தயாரிப்பாளர் குறித்த கடைசி வோல்டேஜைத் தொட்டதும் நிறுத்தி, எவ்வளவு வந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள்.

இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு இருக்கும்? சாம்சங் தன் போன்களுக்கு அடிக்குறிப்பில் இரண்டையும் எழுதுகிறது, அதை வைத்தே பார்க்கலாம். கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் டிபிகல் 5000, ரேட்டட் 4855. எஸ்24இல் 4000, 3880. எஸ்23இல் 3900, 3785. மூன்றிலும் இடைவெளி கிட்டத்தட்ட 3 சதவீதம். மற்ற நிறுவனங்களிலும் இதே விகிதம்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொருவரும் வைக்கும் இடைவெளி வேறு. ஆனால் மனதில் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: எது டிபிகல், எது ரேட்டட் என்று தெரியாத இரண்டு எண்களுக்கு நடுவில் 3 சதவீதம்தான் வித்தியாசம் என்றால், எது பெரிது என்று சொல்லவே முடியாது.

புதுப் போன் வெளிவருவதற்கு முன் வரும் செய்திகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும். அரசுச் சான்றிதழ் ஆவணங்களில் பெரும்பாலும் ரேட்டட் எண்தான் இருக்கும். அங்கே 4855ஐப் பார்த்துவிட்டு, "போன வருஷம் 5000, இந்த வருஷம் குறைத்துவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே பேட்டரியாகவே இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ரேட்டட் எண் தெரிந்ததும், "அப்போ 5000 என்று சொன்னது ஏமாற்று, உண்மையில் 4855தான்" என்று கோபப்படுவது. அப்படியில்லை. டிபிகல் என்பது சராசரி என்பதால் உங்கள் கைக்கு வந்த பேட்டரி 4950 இருக்கலாம், 5030 கூட இருக்கலாம். 4855க்குக் கீழே இருந்தால் மட்டும்தான் நிறுவனம் சொன்ன சொல் தவறியது. அதையும் வீட்டில் உட்கார்ந்து நிரூபிப்பது கஷ்டம். பேட்டரி ஆப்கள் காட்டும் எண் போனுக்குள் இருக்கும் சிப் போடும் மதிப்பீடு. வெயிலில் வைத்து அளந்தால் ஒன்று, ஏசி அறையில் அளந்தால் ஒன்று, 30 சதவீதத்திலிருந்து சார்ஜ் போட்டு அளந்தால் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆப்பில் 4700 வந்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த ஆப்களில் பலவும் "டிசைன் கெபாசிட்டி" என்று மேலே காட்டும் எண் அளந்து வந்ததே இல்லை, போன் நிறுவனம் மென்பொருளில் எழுதி வைத்ததை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சரி, டிபிகலையும் ரேட்டடையும் பிரித்துவிட்டோம். இன்னும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதுதான் வோல்டேஜ்.

எம்ஏஎச் என்பது ஆற்றலின் அளவு இல்லை, மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது மட்டுமே. தொட்டியிலிருந்து எத்தனை லிட்டர் தண்ணீர் வரும் என்று அது சொல்கிறது, தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்வதில்லை. உயரத்தையும் சேர்த்தால்தான் ஆற்றல். அதன் அலகு வாட் அவர். கணக்கு மிகவும் எளிது:

```
Wh = mAh × V ÷ 1000
```

பேட்டரிக்குள் ஒரே ஒரு மின்கலம், அதாவது ஒரு செல், போட்ட போன்களில் வோல்டேஜ் பெரும்பாலும் 3.8, 3.9 என்று பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வேகமாகச் சார்ஜ் ஆக வேண்டும் என்று இரண்டு செல்களைத் தொடராக இணைத்த போன்கள் வந்த பிறகு இது முக்கியமாகிவிட்டது. ஒன்பிளஸ் 8டி ஓர் உதாரணம். விளம்பரத்தில் 4500 எம்ஏஎச், உள்ளே இருப்பது 2250 எம்ஏஎச் செல் இரண்டு. தொடராக இணைத்தால் வோல்டேஜ்தான் இரட்டிப்பாகும், எம்ஏஎச் கூடாது. பேட்டரியை ஒரே பொட்டலமாகப் பார்த்தால் அது 2250தான், ஆனால் வோல்டேஜ் ஏழரைக்கு மேல். ஒரு செல்லின் வோல்டேஜோடு பேசும்போது 4500. இரண்டு வகையில் சொன்னாலும் வாட் அவர் மாறாது. 2250ஐ மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு, 4500ஐ ஏழரை வோல்ட்டோடு பெருக்கி மகிழ்வதும் தவறு.

எத்தனை செல் என்று பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே தெரிந்துவிடும். `1ICP5/64/86` என்பது போல ஒரு வரி இருக்கும். முதலில் இருக்கும் 1 என்பது தொடரில் ஒரே செல் என்று அர்த்தம், அங்கே 2 இருந்தால் இரண்டு செல். பின்னால் வருபவை தடிமன், அகலம், உயரம், மில்லி மீட்டரில். அதே தாளில் வோல்டேஜ், ரேட்டட் எம்ஏஎச், வாட் அவர் மூன்றும் அச்சடித்திருக்கும். பெட்டியிலும் இணையதளத்திலும் தேடி அலைவதைவிட இந்தத் தாளின் படத்தைத் தேடுவது மேல். மாற்று பேட்டரி விற்பவர்கள், போனைப் பிரித்துக் காட்டுபவர்கள் போடும் படங்களில் தெளிவாகவே தெரியும்.

பையனுக்கும் அப்படித்தான் தேடினோம். 5000 போட்ட போனின் பேட்டரித் தாளில் ரேட்டட் 4855, வோல்டேஜ் 3.88. ஆக, ஸ்கிரீன்ஷாட்டில் சிறியதாகத் தெரிந்த 4900தான் ரேட்டடில் பெரியது. "அப்போ அதையே வாங்கிடறேன்" என்றான். அதன் வோல்டேஜையும் பார் என்றேன். 3.80 என்று இருந்தது. பெருக்கினோம். முதல் போன் 4855 × 3.88, அதாவது 18.84 வாட் அவர். இரண்டாவது 4900 × 3.80, அதாவது 18.62. மறுபடியும் முதல் போன் மேலே வந்துவிட்டது. ஆனால் வித்தியாசம் ஒரு சதவீதம் சொச்சம். ஒரு முழு நாள் உபயோகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வந்தாலே அதிகம். பேட்டரியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்று என்று முடிவு செய்து, கேமராவைப் பார்க்கப் போய்விட்டான்.

தேடித் தேடியும் ரேட்டட் கிடைக்கவில்லை என்றால் டிபிகலை டிபிகலோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்றில் எந்தச் சொல்லும் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அதை டிபிகல் என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு, விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தானே போடுவார்கள். ஐபேட், மேக்புக் வாங்குபவர்களுக்கு இந்த வேலையே இல்லை. ஆப்பிள் அவற்றுக்கு நேரடியாக வாட் அவரே கொடுக்கிறது, லேப்டாப்களில் பொதுவாக அதுதான் வழக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஆற்றல் லேபிள் கட்டாயம். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று ஒரே சோதனை முறையில் அளந்த எண் அதில் இருக்கும். எம்ஏஎச்சைவிட அது பயனுள்ளது, ஏனென்றால் பேட்டரி பெரிதாக இருந்தும் சிப்போ திரையோ மின்சாரத்தை வாரி இறைத்தால் அங்கே தெரிந்துவிடும். ஆனால் நம் ஊர் மாடலும் ஐரோப்பிய மாடலும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். நத்திங் போன் (3) இந்தியாவில் 5500, வெளிநாட்டு மாடலில் 5150. பெயர் ஒன்றுதான், பேட்டரி வேறு.

கடைசியாகப் பவர் பேங்க். போனில் கற்ற பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 20000 எம்ஏஎச் பவர் பேங்கின் பின்னால் ரேட்டட் 12000 என்றோ 12500 என்றோ இருக்கும். போனில் 3 சதவீதம் இருந்த இடைவெளி இங்கே 40 சதவீதமா என்று அதிர்ச்சியாகும். சொல் ஒன்றுதான், அர்த்தம் வேறு. இங்கே 20000 என்பது உள்ளே இருக்கும் செல்களின் கொள்ளளவு, 3.7 வோல்ட்டில். ரேட்டட் என்பது வெளியே யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் வருவது. 20000 × 3.7, அதாவது 74 வாட் அவர். அதையே 5 வோல்ட்டால் வகுத்தால் 14800. வோல்டேஜை ஏற்றும்போது சூடாகப் போகும் இழப்பை 15 சதவீதம் என்று வைத்தால் மிஞ்சுவது 12580. ஆகவே 12500 போட்டிருப்பவர் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தவர். 20000க்கு ரேட்டட் 18000 என்று ஒருவர் எழுதியிருந்தால் அங்கேதான் சந்தேகம் வர வேண்டும், ஏனென்றால் இழப்பே இல்லாவிட்டாலும் 5 வோல்ட்டில் 14800க்கு மேல் வராது.

இரண்டு பவர் பேங்குகளை ஒப்பிடும்போது முன்பக்கத்துப் பெரிய எண்ணை விட்டுவிட்டு, இந்த ரேட்டட் எண்ணையும் அது எந்த வோல்டேஜில் என்பதையும் பாருங்கள். சிலர் 5 வோல்ட் என்று எழுதுவார்கள், சிலர் 5.1 என்று எழுதுவார்கள். விமானத்தில் கொண்டுபோவதற்கு மட்டும் உள்ளே இருக்கும் செல்களின் வாட் அவர்தான் கணக்கு. தனி அனுமதி இல்லாமல் 100 வரை கையில் எடுத்துப் போகலாம் என்பதால் 74 உள்ள 20000 எம்ஏஎச் பவர் பேங்க் தாராளமாகப் போகும். 30000 என்றால் 111 ஆகிவிடும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.