சீமா சம்பவக் கற்கை: 45 நிமிடத்தை எப்படிப் பங்கு போடுவது?

முகாமைக் கணக்காளர் தகைமைக்கான சீமா சம்பவக் கற்கைப் பரீட்சைக்கு மூன்று மணித்தியாலம் என்றதும், மலையகப் பிள்ளைகள் பலர் பாடசாலை வினாத்தாள் ஞாபகத்தில் பரீட்சைக்குத் தயாராகிறார்கள். தெரிந்த கேள்வியை முதலில் எழுதிவிட்டு, தெரியாததற்குக் கடைசியில் வரலாம் என்பது அவர்கள் கணக்கு. இங்கே அது செல்லாது. செயற்பாட்டு மட்டத்தில் அந்த மூன்று மணித்தியாலம் தலா 45 நிமிடமாக நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. நேரம் முடிந்த பகுதி பூட்டப்பட்டுவிடும். முன்னதாக முடித்தாலும் மிஞ்சிய நிமிடங்கள் அடுத்த பகுதிக்குச் சேராது. ஆகவே நாம் பங்கு போட வேண்டியது 45 நிமிடத்தைத்தான்.

படி 1: கடிகார எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு பகுதியிலும் உப கேள்விகளுக்கு எத்தனை வீதப் புள்ளி என்று திரையிலேயே இருக்கும். முதல் கேள்விக்கு 60, இரண்டாவதற்கு 40 என்று வைத்துக்கொள்வோம். வாசிக்க 6 நிமிடம், கடைசியில் சரிபார்க்க 3 நிமிடம் ஒதுக்கினால் 36 மிஞ்சுகிறது. அதை 60க்கு 40 என்று பிரித்தால் ஏறக்குறைய 22 நிமிடமும் 14 நிமிடமும் வரும். 22இல் 5 நிமிடம் திட்டமிட, 17 எழுத. 14இல் 3 திட்டமிட, 11 எழுத.

திரைக் கடிகாரம் 45இலிருந்து இறங்கிக்கொண்டே வரும். அதனால் "எத்தனை நிமிடம் போயிற்று" என்று கணக்குப் பார்க்காமல், கடிகாரம் காட்டப்போகும் எண்களையே குறிப்புப் பலகையில் எழுதிவிடுங்கள்: 39, 34, 17, 14, 3. முறையே வாசிப்பு முடிவு, முதல் திட்ட முடிவு, முதல் விடை முடிவு, இரண்டாம் திட்ட முடிவு, சரிபார்ப்புத் தொடக்கம்.

படி 2: கேள்வியை முதலில் வாசியுங்கள்

கேள்விகளுக்கு அடிப்படையாக முன்கூட்டியே வெளியிடப்படும் நிறுவன விவரத்தைப் பரீட்சைத் திரையிலும் திறக்கலாம். ஆனால் அதை அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு 6 நிமிடம் போதாது. அது வீட்டில் முடித்திருக்க வேண்டிய வேலை. பரீட்சையில் உப கேள்விகளை வாசித்துவிட்டு, பிறகு கேள்வியோடு திரையில் வந்திருக்கும் மின்னஞ்சலையும் அதன் இணைப்பையும் வாசியுங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து வாசித்தால் இரண்டாம் தடவை வாசிக்க வேண்டியிருக்காது.

படி 3: திட்டத்தை விடைப் பெட்டியிலேயே எழுதுங்கள்

ஒரு பயிற்சிக் கேள்வி. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு கிலோ தூளுக்கு 4.6 கிலோ பச்சைக் கொழுந்து என்பது நியமம். ஜூன் மாதத்தில் 4.9 கிலோ போயிருக்கிறது. கொழுந்தின் விலையோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. காரணங்களை விளக்குங்கள் என்கிறார் நிதி முகாமையாளர். 60 வீதம்.

கல்குலேட்டரை எடுக்கத்தான் முதலில் கை போகும். ஆனால் இந்தப் பரீட்சையில் பெரும்பாலும் கணக்கு முடிந்தே வரும், புள்ளி விளக்கத்துக்குத்தான். 5 நிமிடத்தில் மூன்று உபதலைப்புகளைத் தட்டச்சு செய்யுங்கள்:

- கொழுந்து அதிகம் போனதற்குக் காரணம்
- விலை குறைந்ததற்குக் காரணம்
- இரண்டுக்கும் உள்ள தொடர்பு

ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று சொற்கள் போதும். முதலாவதற்கு "மழை, இலையில் ஒட்டிய நீர்". தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன் பக்கம் கொழுந்து நனைந்தே வந்து சேரும். நிறுக்கும்போது தண்ணீரும் சேர்ந்து நிறுக்கப்படும். இரண்டாவதற்கு "முற்றிய இலை". மூன்றாவதற்கு "மலிவாக வாங்கிய முற்றிய இலையில் கழிவு அதிகம்". அதிகப் புள்ளி இந்த மூன்றாவதில் இருக்கிறது. திட்டமிடாமல் எழுத ஆரம்பிப்பவர் கோட்டைவிடுவதும் இதையே. தலைப்புகள் பெட்டியில் ஏற்கெனவே இருப்பதால் திட்டத்துக்குச் செலவான நிமிடம் எழுத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

படி 4: எண் வந்ததும் நகருங்கள்

கடிகாரம் 17 காட்டும்போது முதல் விடை பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். முதல் விடையில் நான்காவது காரணம் சேர்த்தால் கிடைப்பது மிகச் சில புள்ளிகள். இரண்டாவது விடையில் எதுவுமே எழுதாவிட்டால் 40 வீதமும் போய்விடும். கடைசி 3 நிமிடத்தில் பிழை திருத்துவதைவிட, வெறுமையாக நிற்கும் உபதலைப்பின் கீழ் ஒரு வாக்கியமாவது சேர்ப்பது மேல்.

உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

மேலே சொன்ன 17 நிமிடம் எல்லாருக்கும் ஒன்றல்ல. யோசித்துக்கொண்டே நிமிடத்துக்கு 15 சொல் தட்டச்சு செய்பவருக்கு அது சுமார் 250 சொல். தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்கள் மனதில் தமிழில் அமைத்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இது இன்னும் குறையும். அதற்கு நேரத்தைக் கூட்ட வழியில்லை. வாக்கியங்களைச் சிறிதாக்குங்கள், காரணங்களை மூன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் பழகும்போது 45 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அது அடித்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு, எந்த எண்ணில் பிந்தினீர்கள் என்று பாருங்கள். 39இல் பிந்தியிருந்தால் வாசிப்பில் குறை. 34இலேயே பிந்தியிருந்தால் திட்டம் தேவைக்கு மேல் நீண்டிருக்கிறது. அவை இரண்டும் சரியாக இருந்து 17இல் பிந்தியிருந்தால் எழுதுவதைச் சுருக்க வேண்டும்.