போஸ்டர் முன்னால் 30 நொடி: எங்கே நழுவுகிறது?

கொடைக்கானலில் ஒரு கருத்தரங்கு. தேநீர் இடைவேளையில் போஸ்டர் அமர்வு வைத்திருந்தார்கள். வெளியே மூடுபனி, உள்ளே எல்லார் கையிலும் டீ. எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தன் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வந்தவர்கள் நடையைத் தளர்த்தினார்கள், கேட்டார்கள், அவள் முக்கியமான இடத்துக்கு வருவதற்குள் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்கள். மூன்று வருடம் மன்னவனூர்ப் பக்கம் மழையிலும் அட்டைக் கடியிலும் அலைந்து செய்த வேலை அது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மனசு தாங்கவில்லை.

அவள் சொன்னது இதுதான்:

"வணக்கம் சார். நான் தாவரவியல் துறையில முழுநேர ஆராய்ச்சி மாணவி. என் வழிகாட்டி இன்னார். என் போஸ்டரோட தலைப்பு, பழனி மலைத்தொடரின் அயல்மரத் தோட்டங்களில் சோலை மர இனங்களின் இயற்கை மறுவளர்ச்சி குறித்த ஓர் ஆய்வு. இதுக்காக நாங்க பத்துக்குப் பத்து மீட்டர்ல சதுரங்கள் போட்டு, ஒவ்வொண்ணுலயும்…"

நடந்து போகிறவர் நமக்குத் தருவது 30 நொடிதான். அது இங்கேயே தீர்ந்துவிடுகிறது. என்ன கண்டுபிடித்தாள் என்பது இன்னும் வரவில்லை. தலைப்பு அவள் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வந்தவர் அதைப் படித்துத்தான் நடையைத் தளர்த்தினார். அதையே வாயால் திரும்பச் சொல்வது முதல் தவறு. துறை, வழிகாட்டி, சதுரத்தின் அளவு எல்லாம் பிறகு கேட்டால் சொல்ல வேண்டியவை.

எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். "இன்ன இடங்களில், இன்ன முறையில் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்பின் அடிப்படையில், கன்றுகள் அதிகம் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது" என்று ஒரே வாக்கியமாகக் கட்டினால், கேட்பவர் முழுதும் காத்திருந்து கடைசிச் சொல்லில்தான் விஷயத்தைப் பிடிக்க முடியும். நடந்துகொண்டே கேட்பவர் அவ்வளவு காத்திருக்க மாட்டார். அந்த வாக்கியத்தை மூன்றாக உடைத்து, கண்டுபிடிப்பு இருக்கும் துண்டை முதலில் வையுங்கள். ஆங்கிலத்தில் பேசுவதானாலும் இதே வரிசைதான். நிதானமாகப் பேசினால் 30 நொடிக்கு எழுபது ஆங்கிலச் சொற்கள் வரை போகும். தமிழில் சொற்கள் நீளம், அதனால் ஐம்பதை ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

மதியம் அவளும் நானும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். "வேலையில உன்னையே ஆச்சரியப்படுத்தினது எது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வாட்டில் மரத்துக்கு அடியில சோலை மரக் கன்னு அவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கலக்கா. பக்கத்துல திறந்த புல்வெளியில உறைபனியில கருகிப்போற அதே கன்னு." வாட்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், சோலை இந்த மலையின் சொந்தக் காடு. இந்த ஆச்சரியத்தைத்தான் காலையிலிருந்து யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அவசரத்தில் அடுத்த தவறு செய்தோம். "அதனால வாட்டிலை வெட்டக் கூடாது" என்று முடித்தோம். அடுத்து வந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் சட்டென்று, "அப்போ புல்வெளி என்னாகும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. பெரும்பங்கு இப்படிப்பட்ட அயல்மரங்களிடம்தான் போனது. புல்வெளிக்குள் இப்போது புதிதாக ஏறிவரும் இளம் வாட்டிலைப் பிடுங்கத்தான் வேண்டும். அவள் பார்த்தவை பழைய தோட்டங்கள், அதிலும் சோலைக்காட்டை ஒட்டி இருப்பவை. அங்கே மொத்தமாக வெட்டினால், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வாட்டில் விதை வெளிச்சம் பட்டதும் மறுபடி முளைத்துக்கொள்ளும், கன்றுகளும் போய்விடும். ஆக, எந்தத் தோட்டம் என்ற எல்லையைச் சொல்லாமல் விட்டால் கண்டுபிடிப்பே தப்பாகிவிடுகிறது. அந்த எல்லைக்கு நான்கைந்து சொல் போதும். நேரம் இல்லை என்று அதை வெட்டாதீர்கள். வழிகாட்டியின் பட்டப்பெயர்களை வெட்டுங்கள்.

கடைசியில் நின்றது இப்படி:

"சார், சோலையை ஒட்டியிருக்கிற பழைய வாட்டில் தோட்டத்துக்குள்ள சோலை மரக் கன்னுங்க தானா வளருது. வெளியே புல்வெளியில அதே கன்னு உறைபனியில கருகிடுது. மன்னவனூர்ப் பக்கம் மூணு வருஷமா எண்ணிட்டிருக்கேன். அதனால எல்லாத் தோட்டத்தையும் ஒரே மாதிரி வெட்டலாமாங்கறதுதான் என் கேள்வி. நீங்க எதுல வேலை செய்றீங்க சார்?"

'மன்னவனூர்ப் பக்கம் மூணு வருஷமா' என்ற வரியைக் கவனியுங்கள். அவளைப் பற்றிய அறிமுகம் அவ்வளவுதான். இவள் நேரில் பார்த்தவள் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. பெயரைக் கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை சொல்லும். ஆனால் மலையில் ஒரு சிக்கல்: குளிருக்கு ஜெர்கின் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டால் அட்டை உள்ளே போய்விடும். அவளுடையதும் அப்படித்தான் இருந்தது. வெளியே எடுத்துத் தொங்கவிடச் சொன்னேன்.

கடைசிக் கேள்வியை நான் வற்புறுத்தித்தான் சேர்த்தேன். "ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?" என்று முடித்தால் "இல்லம்மா, நல்லாயிருக்கு" என்று போய்விடுவார்கள். அவர்கள் வேலையைக் கேட்டால் பதில் சொல்ல நிற்பார்கள், அடுத்து எதைச் சொல்ல வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும். எல்லாரிடமும் ஒரே ஒப்பிப்பைத் தொடர்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வந்தவர் தொலையுணர்வுக்காரர் என்றால், மேலேயிருந்து எடுத்த படத்தில் கன்று இருக்கும் தோட்டமும் இல்லாத தோட்டமும் ஒரே பச்சையாகத் தெரிகிற சிக்கலைச் சொல்ல வேண்டும். வனத்துறைக்காரர் என்றால் எந்தச் சரிவு, சோலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்துக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கியம் தயாராக வைத்துக்கொண்டாள்.

நிற்கும் விதத்தில் ஒன்றே ஒன்று. போஸ்டருக்கு நேர் முன்னால் நின்றால் படத்தை நீங்களே மறைக்கிறீர்கள். போஸ்டரைப் பார்த்துத் திரும்பிப் பேசினால் குரல் பலகைக்குப் போகிறது. ஓரமாக, வருகிறவர்களைப் பார்த்து நின்று, போஸ்டரை ஒட்டிய கையால் ஒரே ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். அவள் தொட்டது வாட்டில் நிழலுக்குள் முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு கன்றின் புகைப்படம்.

கேள்வியைக் கேட்ட பிறகு பேசாமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மாலை அமர்வில் ஒருவர் பதில் சொல்லாமல் அந்தப் படத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி வாயைத் திறக்கப் போனாள், தூரத்திலிருந்து நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இது எந்தச் சோலைக்குப் பக்கத்துல எடுத்ததும்மா?"